சட்டக் கருத்துரையும் சுட்டுகை ஒழுங்கும்: தமிழில் பிரிவுகளையும் தீர்ப்புகளையும் குறிக்கும் முறை பற்றிய சில குறிப்புகள்

ஒரு சட்டக் கருத்துரையில் வழக்கறிஞர் கூறும் முடிவு அவரது சொந்தக் கூற்றன்று. ஏதோ ஒரு சட்டத்தின் ஏதோ ஒரு பிரிவு, ஏதோ ஓர் அறிக்கைத் தொகுதியில் அச்சாகியுள்ள ஏதோ ஒரு தீர்ப்பு ஆகியவற்றின் மீதே அது நிற்கின்றது. அவ்விடத்தை வாசகனுக்குக் காட்டும் குறிப்பையே நாம் இங்கு 'சுட்டுகை' என்கிறோம். சுட்டுகை சரியாக அமைந்தால் வாசகன் தானே நூலை எடுத்துப் பக்கத்தைப் புரட்டிக் கருத்துரையாளர் கூறுவது உண்மையா எனச் சோதிக்கலாம். அது பிழைத்தால் அவன் நம்பவேண்டியவனாகின்றான், சோதிக்கும் உரிமையை இழக்கின்றான். வேலைநீக்கப்பட்ட ஒரு தொழிலாளிக்கோ அவனுடைய சங்கச் செயலாளருக்கோ எழுதப்படும் கருத்துரையில் இவ்வேறுபாடு சிறியதன்று. சட்டம் யாருடைய கையில் இருக்கின்றது என்பதே அங்கு வினாவாகின்றது.

தமிழிற் கருத்துரை எழுதுவோர் ஆங்கிலச் சுட்டுகை முறையை அப்படியே எழுத்துப் பெயர்த்துவிட முடியாது என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்தாகும். தமிழ் எழுத்தும் தமிழ் வேற்றுமை உருபும் சில தனித்த இடர்ப்பாடுகளைத் தோற்றுவிக்கின்றன. நாம் சட்டவியலாளர் அல்லர். எனினும் மொழியைப் பயில்வோர் என்ற வகையில் அவ்விடர்ப்பாடுகளை இனங்காட்டுதல் நமது பணிக்குள் அடங்குமெனக் கருதுகின்றோம். எடுத்துக்காட்டுக்காக, இந்நாட்டுத் தொழிற்சட்டத்தில் அடிக்கடி மேற்கோளாகும் ஓர் ஏற்பாட்டையே பெரிதும் பயன்படுத்துவோம்.

1. 'ஆ' என்னும் எழுத்தும் 'ஆம்' என்னும் விகுதியும்

கைத்தொழிற் பிணக்குச் சட்டம் 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டமாகும். 1957 ஆம் ஆண்டின் 62 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தொழில் நியாய சபைகளை உருவாக்கியது. அதன் பொருட்டு 31 ஆம் பிரிவுக்கும் 32 ஆம் பிரிவுக்கும் இடையே புதிய பிரிவுகள் செருகப்பட்டன. ஆங்கில வாசகத்தில் அவை 31 என்ற எண்ணுடன் அந்நெடுங்கணக்கின் முதல், இரண்டாம், மூன்றாம் எழுத்துகளைச் சேர்த்துப் பெயரிடப்பட்டன. வேலைநீக்கப்பட்ட தொழிலாளி சபைக்கு விண்ணப்பிக்கும் உரிமை இரண்டாம் எழுத்தைப் பெற்ற பிரிவில் உள்ளது.

இலங்கைச் சட்டங்களின் தமிழ் வாசகங்களில் இத்தகைய எழுத்துகள் அகர வரிசைப்படி மாற்றப்படுதல் வழக்கம். முதலெழுத்துக்கு அ, இரண்டாவதற்கு ஆ, மூன்றாவதற்கு இ. இவ்வாறு பார்க்கின் நமது பிரிவு '31ஆ' ஆகின்றது. இதனை எண்ணடை விகுதியோடு எழுதுவோமாயின் '31ஆ ஆம் பிரிவு' என வரும். தட்டச்சாளர் இரண்டு 'ஆ'க்களைக் கண்டு ஒன்று மிகை எனக் கருதி நீக்கிவிட்டால் எஞ்சுவது '31ஆம் பிரிவு'. அதாவது வேறொரு பிரிவு. 1957 இல் உருவான சபைகளைப் பற்றி 1950 இலேயே இருந்த 31 ஆம் பிரிவு எதுவும் கூறியிருக்க இயலாது. ஆகவே, அதனைத் தேடிச் செல்லும் வாசகன் வெறுங்கையுடன் திரும்புவான். ஆங்கிலத்தில் இத்தகைய பிழை எழ வாய்ப்பில்லை. அங்கு எண்ணடை விகுதியும் பிரிவின் எழுத்தும் உருவில் ஒன்றையொன்று ஒப்பதில்லை. தமிழில் மட்டும் இரண்டாம் எழுத்தும் எண்ணடை விகுதியின் முதலெழுத்தும் ஒன்றாக அமைந்துவிட்டன.

இதற்குப் பரிகாரம் எளிது. எழுத்துச் சேர்ந்த பிரிவுகளைக் குறிக்கும்போது பெயர்ச்சொல்லை முன்னே வைத்து விகுதியைத் தவிர்த்தல் வேண்டும்: 'பிரிவு 31ஆ'. வேற்றுமை உருபு தேவைப்படின் எண்ணுடன் ஒட்டாது 'என்பது' என்னும் சொல்லின் மேல் ஏற்றுதல் நன்று: 'பிரிவு 31ஆ என்பதன் கீழ்'. சற்று நீளும், ஆயின் ஐயம் நீங்கும். ஒரே கருத்துரையில் எழுத்தற்ற பிரிவுகளுக்கு '32 ஆம் பிரிவு' என்றும் எழுத்துள்ளவற்றுக்குப் 'பிரிவு 31ஆ' என்றும் எழுதினால், முன்னதை வாசிப்போன் எழுத்து விடுபட்டதோ என மயங்குவான். எனவே எல்லாப் பிரிவுகளுக்கும் பெயர்ச்சொல் முன்வரும் முறையையே கைக்கொள்ளுதல் தகும். சட்டத்தின் இலக்கத்துக்கும் ஆண்டுக்கும் இவ்விடர் இல்லையாதலின் அங்கு 'ஆம்' இருக்கலாம்.

2. ஒலியா, வரிசையா?

அகர வரிசைக்கு மாறாக ஆங்கில எழுத்தின் ஒலியைத் தமிழில் எழுதும் வழக்கமும் உண்டு. தமிழ்நாட்டு இதழ்கள், 2024 ஆம் ஆண்டு வரை நடைமுறையிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983 இற் செருகப்பட்ட ஒரு பிரிவை '498ஏ' என எழுதி வந்தமை யாவரும் அறிந்ததே. ஒலிமுறை தன்னளவிற் பிழையன்று. ஆனால் ஒரே கருத்துரையில் இரண்டு முறைகளும் கலக்கும்போது எழுத்துகள் பொருள் மாறுகின்றன. ஒலிமுறையில் 'ஏ' என்பது முதலாம் எழுத்து. வரிசைமுறையிலோ அது எட்டாம் எழுத்து. ஒலிமுறையில் எழுதுவோர் ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்தை 'இ' என்பர். வரிசைமுறையில் 'இ' மூன்றாவதாகும். ஆகவே '31இ' என்னும் சுட்டுகையை மட்டும் காணும் வாசகன் மூன்றாம் எழுத்தைத் தேடுவதா, ஐந்தாம் எழுத்தைத் தேடுவதா எனத் திகைப்பான். 'பி', 'சி' ஆகியவை ஒலிமுறைக்கே உரியவை என்பதால் அவை காணப்படும் கருத்துரையில் 'இ'யையும் ஒலிமுறையாகவே கொள்ள அவன் தூண்டப்படுவான்.

நாம் வரிசைமுறையையே பரிந்துரைக்கின்றோம். காரணம் மொழிப்பற்று அன்று. இலங்கைச் சட்டங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வழங்குகின்றன. சிங்கள வாசகத்துக்கும் தமிழ் வாசகத்துக்கும் இடையே முரண் எழின் சிங்கள வாசகமே மேலோங்குமெனப் பல சட்டங்களின் இறுதிப் பிரிவு கூறுகின்றது. எனவே தமிழிற் கருத்துரை எழுதுவோர் தமது சுட்டுகையிலிருந்து மற்றை மொழி வாசகத்துக்குச் செல்லும் வழியைத் திறந்துவைத்தல் வேண்டும். எண்ணும், எழுத்து வரிசையில் எத்தனையாவது என்னும் இடமுமே அவ்வழியாக அமைய முடியும். ஒலி ஒரு மொழிக்கு மட்டுமே உரியது. இந்தியச் சட்டங்களை மேற்கோள் காட்டுமிடத்து, கருத்துரையின் தொடக்கத்தில் ஒரு வாக்கியத்தில் முறையை அறிவித்துவிட்டு அவற்றையும் வரிசைமுறைக்கு மாற்றலாம்.

இத்துடன் பிறை அடைப்பின் பணியையும் நோக்க வேண்டும். அடைப்பின்றி எண்ணோடு ஒட்டிய எழுத்து அப்பிரிவின் பெயரில் ஒரு பகுதி. அடைப்புக்குள் வரும் எழுத்தோ எண்ணோ பிரிவின் உட்கூறு. '498அ' ஒரு தனிப் பிரிவு. '498(அ)' என எழுதினால் 498 என்னும் வேறொரு பிரிவின் அகரப் பந்தி என்றாகிவிடும். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498 தனியொரு குற்றத்தைப் பற்றியதாயிருந்தது. ஆகவே இது வெறும் அச்சுப்பிழை என ஒதுக்கத் தக்கதன்று. நமது எடுத்துக்காட்டில் '31ஆ(1)(அ)' என்பதை இடமிருந்து வலமாக இவ்வாறு வாசித்தல் வேண்டும்: பிரிவு 31ஆ, அதன் முதலாம் உட்பிரிவு, அதன் அகரப் பந்தி. இடைவெளியோ புள்ளியோ கோடோ இவற்றினிடையே தேவையில்லை. அடைப்புகளே எல்லைகளைக் காட்டிவிடுகின்றன. 'பிரிவு' என்னும் சொல்லைப் 'பி.' எனச் சுருக்குவோர், ஒலிமுறைக்காரர் இரண்டாம் எழுத்தைப் 'பி' என எழுதுவதை நினைவிற் கொண்டால் அச்சுருக்கத்தைக் கைவிடுவர்.

3. சட்டத்தின் பெயரும் பதிப்பும்

பிரிவு சரியாயிருந்தும் சட்டம் தவறான பதிப்பைச் சுட்டுமாயின் பயனில்லை. இலங்கையிற் பழைய சட்டங்களை 'இத்தனையாம் அத்தியாயம்' எனக் குறிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. திருத்தியமைக்கப்பட்ட சட்டத்தொகுப்பின் அத்தியாய எண்ணே அது. ஆயின் அத்தொகுப்பு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வெளியாயிற்று என்பது மறக்கப்படுகின்றது. தேசவழமை பற்றிய ஒழுங்குவிதி 1938 ஆம் ஆண்டுத் தொகுப்பில் 51 ஆம் அத்தியாயம். 1956 ஆம் ஆண்டுத் தொகுப்பில் 63 ஆம் அத்தியாயம். பழைய தீர்ப்பொன்றிலிருந்து '51 ஆம் அத்தியாயம்' என்பதை எடுத்து எழுதியவர், தம் சொந்தக் கூற்றில் '63 ஆம் அத்தியாயம்' என்பாராயின், இரண்டு வெவ்வேறு சட்டங்கள் பேசப்படுவதாகவே வாசகன் எண்ணுவான். அத்தியாய எண்ணைக் கூறுவோர் தொகுப்பின் ஆண்டையும் கூறுதல் வேண்டும்.

கைத்தொழிற் பிணக்குச் சட்டத்தில் இப்பிழை இன்னும் நுட்பமானது. 1956 ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது 131 ஆம் அத்தியாயம். ஆதலின் '131 ஆம் அத்தியாயம், பிரிவு 31ஆ' என எழுதும் பழக்கம் இயல்பாகவே தோன்றுகின்றது. ஆனால் நாம் மேலே கண்டவாறு அப்பிரிவு 1957 இலேயே பிறந்தது. 1956 ஆம் ஆண்டுத் தொகுப்பிற் குறித்த பக்கத்தைத் திறப்பவன் அங்கு அப்பிரிவைக் காணமாட்டான். ஆகவே முதன்முறை குறிப்பிடும்போது மூலச் சட்டத்தின் ஆண்டையும் இலக்கத்தையும், பிரிவைச் செருகிய திருத்தச் சட்டத்தின் ஆண்டையும் இலக்கத்தையும் தந்து, அதன்பின் சுருக்கப் பெயரை ஆளுதலே பாதுகாப்பானது. சுருக்கப் பெயர் ஒன்றே இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் 'சட்டம்', பிறிதோரிடத்தில் 'பிணக்குச் சட்டம்', மற்றோரிடத்தில் 'தொழிற் சட்டம்' என்பன நடை வேறுபாடாக இலக்கியத்தில் இனிக்கலாம். கருத்துரையில் ஒவ்வொரு புதிய பெயரும் ஒரு புதிய பொருளையே உணர்த்தும்.

4. தீர்ப்புகள்: அடைப்பு, ஆண்டு, பெயர், மன்று

தீர்ப்பைச் சுட்டும்போது நாற்கூறுகள் வேண்டப்படுகின்றன: திறத்தவர் பெயர், ஆண்டு, அறிக்கைத் தொகுதி, தொடங்கும் பக்கம். இவற்றின் ஒழுங்கைக் கோடீஸ்வரன் வழக்கின் மூலம் விளக்கலாம். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தின் பின், சிங்கள மொழித் தேர்ச்சி பெறாமையால் ஊதிய ஏற்றம் மறுக்கப்பட்ட அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குத் தொடர முடியாது எனக் கூறியது. பிரித்தானியக் கோமறைக் கழகம் அம்முடிவை 1969 இல் மாற்றியது. முன்னைய தீர்ப்பு 'சட்டமா அதிபர் எதிர் கோடீஸ்வரன் (1967) 70 என்.எல்.ஆர். 121'. பின்னையது 'கோடீஸ்வரன் எதிர் சட்டமா அதிபர் (1969) 72 என்.எல்.ஆர். 337'.

பெயர்களின் வரிசை மாறியிருப்பதைக் கவனிக்க. மேன்முறையீடு செய்தவர் பெயர் முன்வருவதால், எந்தக் கட்டத் தீர்ப்பு என்பதை வரிசையே உணர்த்துகின்றது. 'கோடீஸ்வரன் வழக்கு' என மட்டும் எழுதுவோர், நேரெதிரான முடிவுகளைக் கொண்ட இரு தீர்ப்புகளை ஒன்றாக்கிவிடுகின்றனர். அவ்வாறே 'சட்டமா அதிபர்' என ஓரிடத்தும் 'சட்டத்துறை நாயகம்' என வேறோரிடத்தும் பெயர்த்தலும் வழக்கை இரண்டாக்கும்.

ஆண்டைச் சூழும் அடைப்பும் பொருளுடையது. என்.எல்.ஆர். எனப்படும் புதிய சட்ட அறிக்கைகள் 70, 71, 72 எனத் தொடர்ந்து எண்ணப்பட்டவை. தொகுதி எண்ணே நூலைக் கண்டுபிடிக்கப் போதுமானது. ஆண்டு தீர்ப்பின் காலத்தை மட்டும் தெரிவிக்கின்றது. ஆதலின் அது பிறை அடைப்பில் நிற்கும். இதே தீர்ப்பு இங்கிலாந்தின் மேன்முறையீட்டு அறிக்கைகளில் '[1970] ஏ.சி. 1111' என உள்ளது. அத்தொகுதிகள் ஆண்டைக் கொண்டே அடையாளம் காணப்படுகின்றன. ஆண்டின்றி நூலை எடுக்க இயலாது. எனவே அங்கு சதுர அடைப்பு. 1969, 1970 என்னும் வேறுபாடு முரண்பாடன்று: முன்னது தீர்ப்பின் ஆண்டு, பின்னது நூலின் ஆண்டு. இதை அறியாது யாரேனும் இரண்டையும் 'ஒழுங்குபடுத்தி' ஒரே ஆண்டாக்கினால் ஒரு சுட்டுகை அழிந்துபோகும். ஒழுங்கு என்பது எல்லாவற்றையும் ஒன்றுபோலாக்குவது அன்று. ஒரே பணியைச் செய்பவற்றை மட்டும் ஒன்றுபோலாக்குவதாகும்.

என்.எல்.ஆர். என்பதைப் 'பு.ச.அ.' எனத் தமிழாக்கலாகாதா என வினவலாம். நூலின் முதுகில் அச்சிடப்பட்டுள்ளது ஆங்கிலப் பெயரே. அதைத் தேடும் வாசகனுக்கு எழுத்துப் பெயர்ப்பு உதவும்; மொழிபெயர்ப்பு உதவாது. அன்றியும் 'அறிக்கை' என்பதற்கு ஒருவர் 'இதழ்' என்பார், ஒருவர் 'திரட்டு' என்பார்; சுருக்கம் ஆளுக்கொன்றாகும். புள்ளிகளைப் பொறுத்தவரை ஆங்கிலத்தார் இன்று அவற்றைப் பெரிதும் கைவிட்டுள்ளனர். தமிழில் 'என்எல்ஆர்' எனச் சேர்த்தெழுதின் வாசிக்க இயலாமையால் புள்ளி இருத்தல் வேண்டும், எங்கும் இருத்தல் வேண்டும்.

மன்றின் பெயரில் இன்னுமோர் இடறுகல் உண்டு. இலங்கையில் 'உயர் நீதிமன்றம்' நாட்டின் அதியுயர்ந்த மன்று. தமிழ்நாட்டு வழக்கிலோ அது மாநில மன்று; அதற்கு மேலுள்ளதே 'உச்ச நீதிமன்றம்'. இந்தியத் தீர்ப்பொன்றையும் இலங்கைத் தீர்ப்பொன்றையும் அருகருகே காட்டி இரண்டுக்கும் 'உ.நீ.' எனச் சுருக்கமிட்டால் அவற்றின் அதிகார நிலை தலைகீழாகலாம். மன்றின் பெயரை முழுமையாகவும் நாட்டின் பெயருடனும் எழுதுவதே வழி.

5. ஒரு பந்தியைத் திருத்திப் பார்த்தல்

மேற்கூறியவற்றை ஒருங்கே காண, இத்தகைய பிழைகள் செறிந்த ஒரு பந்தியை நாமே அமைத்துப் பார்ப்போம்:

'கைத்தொழிற் பிணக்குச் சட்டத்தின் (131 ஆம் அத்.) 31ஆம் பிரிவின்படி தொழிலாளி விண்ணப்பிக்கலாம். சபை 31-சி-1 இன் கீழ் நீதியும் ஒப்புரவுமான கட்டளையை ஆக்கலாம். சபைத் தலைவர் நீதித்துறைப் பதவி வகிப்பவரல்லர் என்பது தேவநாயகம் வழக்கில் (1968, 69 பு.ச.அ. 289) உ.நீ. கூறியது. 31(பி)யையும் பார்க்க.'

மேலோட்டமாக நோக்கின் குற்றமில்லை போலத் தோன்றும் இப்பந்தியில் எந்தச் சுட்டுகையும் வாசகனை நேரே உரிய இடத்துக்குக் கொண்டு செல்லாது. அத்தியாய எண் பிரிவு இல்லாத பதிப்புக்கு இட்டுச் செல்கின்றது. '31ஆம்' என்பதும் '31(பி)' என்பதும் ஒரே பிரிவைக் கருதியவை, வாசகனுக்கோ இரண்டு. தேவநாயகம் வழக்கின் தீர்ப்பு 1967 ஆம் ஆண்டினது. 1968 என்பது '[1968] ஏ.சி. 356' என்னும் மற்றைய சுட்டுகையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. தீர்ப்பளித்தது உயர் நீதிமன்றமும் அன்று. திருத்திய வடிவம் இவ்வாறு அமையலாம்:

'1957 ஆம் ஆண்டின் 62 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டவாறான 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குச் சட்டத்தின் (இதன்பின் "சட்டம்") பிரிவு 31ஆ(1)(அ) என்பதன் கீழ்த் தொழிலாளி விண்ணப்பிக்கலாம். சட்டத்தின் பிரிவு 31இ(1) என்பதன் கீழ்ச் சபை நீதியும் ஒப்புரவுமான கட்டளையை ஆக்கலாம். சபைத் தலைவர் நீதித்துறைப் பதவி வகிப்பவரல்லர் என்பது ஐக்கிய பொறியியல் தொழிலாளர் சங்கம் எதிர் தேவநாயகம் (1967) 69 என்.எல்.ஆர். 289 என்னும் வழக்கில் கோமறைக் கழகப் பெரும்பான்மையோரின் முடிபாகும்.'

'பெரும்பான்மையோர்' என்னும் சொல் அலங்காரமன்று. ஐந்து நீதிபதிகளுள் இருவர் மாறுபட்டனர். 289 என்பது தீர்ப்பு தொடங்கும் பக்கமே. குறித்த கூற்று எப்பக்கத்தில் உள்ளது என்பதைக் காற்புள்ளியிட்டு அதன்பின் தருதல் வேண்டும். அப்பக்கம் மாறுபட்ட நீதிபதியின் உரைக்குள் விழுமாயின் அதையும் சொல்லுதல் கடன். இல்லையேல் தோற்ற கருத்தையே சட்டமெனக் காட்டியவராவோம்.

6. சோதிக்கும் முறையும் அதன் எல்லையும்

எழுதி முடித்தபின் கருத்துரையை வாசித்துப் பிழை தேடுவது பயன் தராது; வாதத்தின் ஓட்டம் கண்ணை இழுத்துச் சென்றுவிடும். சுட்டுகைகளை மட்டும் வந்த வரிசையிலேயே தனித்தாளில் இறக்கி எழுதுதல் வேண்டும். ஒரே பிரிவு இரு வடிவங்களில் தோன்றுவதும், அடைப்பு மாறுவதும், ஒரே வழக்கு இரு பெயர் பெறுவதும் அப்போது ஒன்றன்கீழ் ஒன்றாக வெளிப்படும். அடுத்ததாக அத்தாளை மட்டும் கையிற் கொண்டு நூல்களைத் திறந்து பார்த்தல் வேண்டும். கருத்துரையை எழுதியவரல்லாத ஒருவர் இதைச் செய்வது மேலும் நன்று.

இவ்விரண்டாம் படியை விடலாகாது. முதற்படி ஒழுங்கின்மையை மட்டுமே காட்டும். பத்து இடத்திலும் ஒரே பிழையை ஒரே வடிவில் எழுதியிருப்பின் தாள் அழகாகவே இருக்கும். ஒழுங்கு உண்மைக்கு ஈடாகாது. மேலும் ஒரு தீர்ப்பிலிருந்து வாசகத்தை அப்படியே மேற்கோள் காட்டுமிடத்து, அதனுள் வரும் பழைய சுட்டுகை முறையை நம் முறைக்கு மாற்ற நமக்கு உரிமையில்லை. மேற்கோட்குறிக்குள் மூலத்தின் வடிவமே நிற்க, தேவையான விளக்கத்தை வெளியே எழுதுதல் முறையாகும்.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. அத்தகுதி ஏட்டளவில் நில்லாது நடைமுறைக்கு வரவேண்டுமாயின், தமிழில் எழுதப்பட்ட கருத்துரை ஒன்றைத் தொழிற்சங்கப் பணிமனையில் இருக்கும் ஒருவர் கையிலெடுத்து, சுட்டப்பட்ட பிரிவையும் பக்கத்தையும் தாமே திறந்து, இங்கு சொல்லப்பட்டது அங்கு இருக்கின்றது எனக் காண இயலுதல் வேண்டும். அதனை இயலச் செய்வதில் '31ஆ'வுக்கும் '31ஆம்' என்பதற்கும் இடையிலுள்ள ஓர் எழுத்துக்குப் பங்குண்டு.